அச்சகக் கொட்டேஷனைச் சரிபார்ப்பது எப்படி: தாள் எண்ணிக்கை, அப், வேஸ்டேஜ், ஒரு பிரதியின் விலை

புத்தகம் அச்சடிக்க இரண்டு மூன்று அச்சகங்களில் கொட்டேஷன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டு, குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி பேப்பருக்குப் போகிறது. எத்தனை தாள் என்பதை நீங்களே போட்டுப் பார்க்காத வரை அந்தப் பாதி சரியா என்று தெரியாது. கணக்கு கஷ்டமில்லை. பெருக்கல், வகுத்தல், ஓர் அளவுகோல், அரை மணி நேரம் போதும்.

ஒரே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆரம்பம் முதல் கடைசி வரை பார்ப்போம். டெமி 1/8 அளவு, அதாவது வெட்டி முடித்த பிறகு 5.5 × 8.5 அங்குலம். 160 பக்கம், 1,000 பிரதி. உள்ளே 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ தாளில் கறுப்பு மை மட்டும். ராப்பர், அதாவது மேலட்டை, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் நான்கு வண்ணம், மேட் லேமினேஷன், முதுகைப் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். கதை, கட்டுரை, கவிதை என்று தமிழில் வரும் புத்தகங்களில் பெரும் பகுதி இந்த அச்சில்தான் வருகிறது. வந்த கொட்டேஷன் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

| விவரம் | கணக்கு | ரூபாய் |
|---|---|---|
| உள் பேப்பர் (23×36, 70 ஜிஎஸ்எம்) | 12 ரீம் × 1,700 | 20,400 |
| உள் பிளேட் | 20 × 250 | 5,000 |
| உள் பிரிண்டிங் | 20 × 350 | 7,000 |
| ராப்பர் அட்டை (23×36, 300 ஜிஎஸ்எம்) | 280 தாள் × 16 | 4,480 |
| ராப்பர் பிளேட் (4), பிரிண்டிங் | 1,200 + 1,800 | 3,000 |
| லேமினேஷன் | 1,000 × 2 | 2,000 |
| பைண்டிங் | 1,000 × 9 | 9,000 |
| மொத்தம் | | 50,880 |

இதிலுள்ள ரேட்டுகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக நான் வைத்தவை. பேப்பர் விலை மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் கொட்டேஷனில் உள்ள ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி மாறாது.

எல்லா அச்சகமும் இப்படிப் பிரித்துத் தருவதில்லை. "160 பக்கம், 1,000 காப்பி, 51 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தால், வேலையைப் பேசி முடிப்பதற்கு முன்பே பிரித்துக் கேளுங்கள். ரேட்டைச் சொல்லத் தயங்கினாலும் பேப்பர் அளவு, ரீம் எண்ணிக்கை, ஜிஎஸ்எம், ஒரு தாளில் எத்தனை ராப்பர் வரும் என்ற அப் எண்ணிக்கை ஆகிய நான்கையாவது வாங்கிவிடுங்கள். சரிபார்க்க இந்த நான்கும் கட்டாயம் வேண்டும். ஜிஎஸ்டி, லாரி வாடகை இரண்டும் தொகைக்குள் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

முதல் படி: உள்பக்கத்துக்கு எத்தனை தாள்

23×36 அங்குலத் தாளை டபுள் டெமி என்பார்கள். அதன் 23 அங்குலப் பக்கத்தை நான்காகவும் 36 அங்குலப் பக்கத்தை நான்காகவும் பிரித்தால் 5.75 × 9 அங்குலத்தில் 16 இலைகள் வரும். மூன்று ஓரமும் சீவிய பிறகு 5.5 × 8.5 ஆகிவிடும். ஓர் இலைக்கு இரண்டு பக்கம், ஆகவே ஒரு முழுத் தாளில் 32 பக்கம்.

மெஷினில் பெரும்பாலும் முழுத் தாளைப் போடுவதில்லை. பாதியாக வெட்டி 18×23 ஆக்கிப் போடுவார்கள். அந்தப் பாதித் தாளில் முன்புறம் 8 பக்கம், பின்புறம் 8 பக்கம், சேர்ந்து 16 பக்கம். இதுதான் ஒரு பாரம். 160 பக்கத்தை 16 ஆல் வகுத்தால் 10 பாரம். பாரத்துக்கு இரண்டு பிளேட் என்றால் 20 பிளேட். கொட்டேஷனிலும் 20 என்றே இருக்கிறது, சரி.

ஒரு பிரதிக்கு 10 பாரம் என்றால் 10 பாதித் தாள், அதாவது 5 முழுத் தாள். 1,000 பிரதிக்கு 5,000 முழுத் தாள். ஒரு ரீமில் 500 தாள், எனவே 10 ரீம். வேஸ்டேஜ் சேர்க்காத நிகரத் தேவை இது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது வேண்டும்.

பக்க எண்ணிக்கையை எண்ணும்போது தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, வெற்றுப் பக்கம் எல்லாம் சேர வேண்டும். கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை நம்பாமல் பிடிஎஃப் கோப்பில் மொத்தம் எத்தனை பக்கம் என்று பாருங்கள்.

16 ஆல் வகுபடாத புத்தகங்களில் கூடுதல் கவனம் தேவை. உதாரணமாக 168 பக்கம் என்றால் 10 பாரம் போக 8 பக்கம் மிச்சம். அந்த எட்டையும் ஒரே பிளேட்டில் வைத்து, தாளின் ஒரு புறம் அடித்து, தாளைத் திருப்பிப் போட்டு அதே பிளேட்டாலேயே மறுபுறமும் அடிப்பார்கள். வொர்க் அண்ட் டர்ன் என்பது இதுதான். தாளை நடுவே வெட்டினால் அதே எட்டுப் பக்கம் இரண்டு பிரதிக்குக் கிடைத்துவிடும். ஆக 1,000 பிரதிக்கு 500 பாதித் தாளும் ஒரு பிளேட்டும் போதும். கொட்டேஷனில் இதையும் முழுப் பாரமாகக் கணக்கிட்டு 22 பிளேட், 11 ரீம் நிகரத் தேவை என்று போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். 164 பக்கம் மாதிரி நான்கு பக்கம் தொங்கி நிற்கும் புத்தகத்துக்கு என் யோசனை, வரி இடைவெளியைச் சற்றுக் குறைத்து 160க்குள் கொண்டுவந்துவிடுங்கள். நாலு பக்கத்துக்காகத் தனியாக ஒரு செட்டிங்கும் பைண்டிங்கில் ஒரு சின்னத் துண்டும் வேண்டாம்.

இரண்டாம் படி: வேஸ்டேஜை எண்ணிக்கையாகப் பாருங்கள்

நிகரத் தேவை 10 ரீம், கொட்டேஷனில் 12 ரீம். இருபது சதவீதம் கூடுதல். இது நியாயமா?

"வேஸ்டேஜ் 5 சதவீதம்", "10 சதவீதம்" என்று சதவீதத்திலேயே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் மெஷின் அருகே நின்று பார்த்தால் தாள் வீணாவது அப்படி இல்லை. பிளேட்டை ஏற்றியதும் முதல் சில தாள்களில் மை கூடியோ குறைந்தோ வரும், பக்கம் கோணலாக நிற்கும். அதையெல்லாம் நேராக்கும் வரை போகிற தாள், 500 பிரதி அடித்தாலும் 5,000 பிரதி அடித்தாலும் ஒன்றுதான். அது பிளேட்டைப் பொறுத்த செலவு. அப்புறம் ஓடும்போது இரண்டு தாள் சேர்ந்து போவது, மடிப்பில் கிழிவது, பைண்டிங்கில் கெடுவது என்று ஒரு பங்கு வீணாகும். இதுதான் பிரதி எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும்.

ஒற்றை வண்ணத்துக்கு ஒரு புறம் செட் செய்ய 15 தாள், ஓட்டத்துக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்து 2 சதவீதம் என்று நான் வைத்துக்கொள்வேன். ஒரு பாரத்துக்கு இரண்டு புறமும் சேர்த்து செட்டிங்குக்கு 30, ஓட்டத்துக்கு 20, மொத்தம் 50 தாள். 1,000 பிரதிக்கு 50 என்றால் 5 சதவீதம். இதே கணக்கை 500 பிரதிக்குப் போட்டால் 30 + 10 = 40 தாள், அதாவது 8 சதவீதம். 3,000 பிரதிக்கு 30 + 60 = 90 தாள், வெறும் 3 சதவீதம். அச்சகம் மூன்றுக்கும் ஒரே சதவீதத்தைச் சொன்னால் எங்கோ ஓரிடத்தில் உங்களுக்கோ அவருக்கோ நட்டம்.

நம் புத்தகத்துக்கு 10 பாரம் × 1,050 = 10,500 பாதித் தாள், அதாவது 5,250 முழுத் தாள். பத்தரை ரீம். 12 ரீம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்கும் விதமும் முக்கியம். "அண்ணே, நான் கணக்குப் போட்டதுல நிகரம் பத்து ரீம் வருது. செட்டிங்குக்கு ஒரு பாரத்துக்கு எத்தனை தாள் வைக்கிறீங்க?" என்று கேளுங்கள். கணக்குத் தெரிந்து கேட்கிறார் என்று புரிந்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். நியாயமான பதிலும் வரலாம். பேப்பரை முழு ரீமாகத்தான் வாங்க முடியும் என்பார், உண்மைதான். அப்படியானால் 11 ரீமுக்குப் பில் போடட்டும், மிச்சமிருக்கும் அரை ரீமை உங்களிடம் தரட்டும், அல்லது பத்தரைக்கு மட்டும் பில் போடட்டும். எந்த விதத்திலும் 12 வராது.

மூன்றாம் படி: ராப்பர் எத்தனை அப்

ஒரு தாளில் எத்தனை ராப்பர் வருகிறது என்பதுதான் அப். உள்பக்கத்தில் யார் போட்டாலும் ஒரு தாளுக்கு 32 பக்கம்தான். ராப்பரில் தாள் அளவையும் வைக்கிற திசையையும் பொறுத்து எண்ணிக்கை இரு மடங்கு வரை மாறும்.

முதலில் விரித்த அளவு. முன் அட்டை 5.5, பின் அட்டை 5.5, நடுவே முதுகு. 160 பக்கம் என்றால் 80 இலை, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் சுமார் 8 மி.மீ., அதாவது 0.3 அங்குலம் வரும். ஆக 11.3 × 8.5. படமோ நிறமோ ஓரம் வரை போவதால் வெட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் வேண்டும். அதைச் சேர்த்தால் ஏறத்தாழ 11.55 × 8.75 அங்குலம். மெஷினின் கிரிப்பர் பிடிக்கவும் ஒரு ஓரத்தில் 10 மி.மீ. போல விட வேண்டும்.

கொட்டேஷனில் உள்ள 23×36 அட்டையில் வைத்துப் பார்ப்போம். 36 அங்குலத்தில் 8.75 நான்கு முறை போகும் (35). 23 அங்குலத்தில் 11.55 இரண்டு முறை போக 23.1 வேண்டும். ஒரு நூலிழையில் தவறுகிறது! பாதியாக வெட்டி 18×23 ஆக்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டு ராப்பர்தான் உட்காரும், முழுத் தாளுக்கு நான்கு. அச்சகம் போட்டிருக்கும் 280 தாள் இங்கிருந்துதான் வருகிறது. 1,000 ÷ 4 = 250, மேலே 30 வேஸ்டேஜ்.

மூன்றாக வெட்டி 12×23 ஆக்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டு, முழுத் தாளுக்கு ஆறு கிடைக்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த அட்டைகளில் இழை பெரும்பாலும் 36 அங்குலத்தின் வாக்கில் ஓடும். ஆறு அப் வைக்கும்போது ராப்பரின் முதுகு அந்த இழைக்குக் குறுக்கே விழுகிறது. குறுக்கு இழையில் மடித்த 300 ஜிஎஸ்எம் அட்டை மடிப்பில் வெடிக்கும், புத்தகம் சரியாகத் திறந்து படியாது. நான் வாங்க மாட்டேன்.

இப்போது 25×36 அட்டையை எடுங்கள். 36க்குள் 8.75 நான்கு, 25க்குள் 11.55 இரண்டு (23.1). எட்டு அப். பாதியாக வெட்டிய 18×25 தாளில் நான்கு ராப்பர் வரும். 18 அங்குலத்தில் 17.5 போக அரை அங்குலம் மிச்சம், அதில் கிரிப்பர் அடங்கிவிடும், இறுக்கம்தான். முதுகும் இழையின் வாக்கிலேயே அமைகிறது. 19×26 மெஷின் வைத்திருக்கும் அச்சகத்தில் இது போகும். "எங்க மெஷின்ல 18க்கு 23தான் போகும் சார்" என்று சொன்னால் அது உண்மையான வரம்பு, வாதாட வேண்டாம். ராப்பரை மட்டும் வெளியே அடித்துத் தர முடியுமா என்று கேட்கலாம்.

எட்டு அப்பில் தாள் கணக்கு: 1,000 ÷ 4 = 250 பாதித் தாள். நான்கு வண்ணம் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழும் வரை 60 தாள், லேமினேஷன், பைண்டிங் சேதத்துக்கு 15. மொத்தம் 325 பாதித் தாள், முழுத் தாளாக 163. சதவீதமாகப் பார்த்தால் வேஸ்டேஜ் 30! பார்த்ததும் பதறக்கூடாது. அப் கூடினால் ஓடும் தாள் குறைகிறது, செட்டிங் தாள் அப்படியே நிற்கிறது, அதனால் சதவீதம் ஏறித் தெரிகிறது. 12 சதவீதம் வேஸ்டேஜ் போட்ட பழைய கணக்கில் 280 தாள், இதில் 163. எந்த வரியையும் முழுத் தாள் எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்த பிறகே தீர்மானியுங்கள்.

நான்காம் படி: ரீம் விலையை எடையாக மாற்றுவது

பேப்பர் கடையில் எடைக்குத்தான் விலை. ஒரு ரீமின் எடை இந்தச் சூத்திரத்தில் வரும்:

```
நீளம் (அங்குலம்) × அகலம் (அங்குலம்) × ஜிஎஸ்எம் ÷ 3100 = 500 தாளின் எடை (கிலோ)
```

23 × 36 × 70 ÷ 3100 = 18.7 கிலோ. ரீம் 1,700 ரூபாய் என்றால் கிலோ 91 ரூபாய். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு பேப்பர் கடைக்கு போன் செய்து, அதே மில், அதே ஜிஎஸ்எம் கிலோ என்ன விலை என்று கேட்டால் தெரிந்துவிடும். கரூர் காகிதபுரத்து டிஎன்பிஎல் ஆனாலும் வேறு மில் ஆனாலும் பெயரைக் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். பேப்பரை வாங்கி, வெட்டி, கையாள்வதற்கு அச்சகம் சற்று லாபம் வைப்பது நியாயம்.

அட்டைக்கும் இதே சூத்திரம். 23×36, 300 ஜிஎஸ்எம் 500 தாள் 80.1 கிலோ. ஒரு தாள் 160 கிராம், 16 ரூபாய் என்றால் கிலோ 100 ரூபாய். அதே கிலோ விலையில் 25×36 தாள் 174 கிராம், 17.40 ரூபாய். 163 தாளுக்கு 2,836 ரூபாய். பழைய கணக்கு 4,480.

ஐந்தாம் படி: ஒரு பிரதியின் விலை

திருத்திய கணக்கில் உள் பேப்பர் 10.5 ரீம் 17,850 ரூபாய், அட்டை 2,836 ரூபாய். மற்றவை எதையும் தொடவில்லை. மொத்தம் 46,686. பிரதிக்கு 50.88 ஆக இருந்தது 46.69 ஆகிவிட்டது. அச்சுக் கூலியிலும் பைண்டிங் கூலியிலும் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாமலே 4,194 ரூபாய் குறைந்திருக்கிறது. கூலியில் அடித்துப் பேசுவதை நான் விரும்புவதில்லை. ஒன்பது ரூபாய் பைண்டிங்கை ஏழாக்கினால் பெரும்பாலும் பசையில் அது தெரியும்.

எத்தனை பிரதி அடிப்பது என்று முடிவு செய்ய, மொத்தத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரதி குறைந்தாலும் குறையாத செலவு ஒன்று: எல்லா பிளேட்டும் 6,200, பிரிண்டிங் 8,800 (ஆயிரம் இம்ப்ரெஷன், அதாவது ஆயிரம் முறை அடிக்கும் வரை ஒரே கூலி என்பதுதான் வழக்கம்), செட்டிங்கில் போகும் உள் பேப்பரும் அட்டையும் சுமார் 1,032. சேர்த்து 16,032. மீதி 30,654 பிரதியோடு ஏறி இறங்குவது, ஒன்றுக்கு 30.65.

500 பிரதி மட்டும் அடித்தால் 16,032 + 15,327 = 31,359. பிரதி 62.72. பாதியாக்கினாலும் செலவு பாதியாகவில்லை. 2,000 பிரதிக்கு, அடுத்த ஆயிரத்துக்கும் அதே பிரிண்டிங் கூலி வாங்கினால், 86,140. பிரதி 43.07. 500இலிருந்து 1,000க்குப் போகும்போது பிரதிக்கு 16 ரூபாய் இறங்குகிறது, 1,000இலிருந்து 2,000க்குப் போனால் மூன்றரை ரூபாய்தான். இந்த மூன்றரைக்காக இன்னும் 39,000 ரூபாயைப் போட்டு ஆயிரம் புத்தகத்தை வீட்டில் அடுக்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விற்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 2,000. அச்சகம் 1,000, 2,000 இரண்டுக்கும் கொட்டேஷன் தந்திருந்தால், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள். அந்த ஆயிரத்தின் விலையில் பிளேட் காசு மறுபடி ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வகுக்கும்போது கைக்கு வரும் பிரதியால் வகுக்க வேண்டும். சில கொட்டேஷன்களின் அடியில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 950 பிரதி வந்து முழுத் தொகைக்கும் பில் போட்டால் 46.69 என்பது 49.14 ஆகிவிடும். வேஸ்டேஜுக்குத் தாள் கொடுத்த பிறகு பிரதி குறையக் காரணமில்லை. வந்த பிரதிக்கே பில் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசிப் படி: புத்தகம் வந்ததும் தராசில்

கொட்டேஷனில் 70 ஜிஎஸ்எம் போட்டு 60இல் அடித்துவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். நம் புத்தகத்தின் 80 இலைகளும் சேர்ந்து 2.41 சதுர மீட்டர். 70 ஜிஎஸ்எம்மில் 169 கிராம். ராப்பர் 19 கிராம். பசை, லேமினேஷன், மையோடு ஒரு பிரதி 190 கிராமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 60 ஜிஎஸ்எம்மில் உள்பக்கம் 145 கிராம்தான், மொத்தம் 170ஐ ஒட்டி நிற்கும். ஈரப்பதத்தாலும் மில் தரத்தாலும் சில கிராம் ஏறி இறங்கும், அதற்காகச் சண்டை வேண்டாம். 20 கிராம் இடைவெளி அப்படி வராது. ஒரே பிரதியை நம்பாமல் வெவ்வேறு கட்டிலிருந்து பத்துப் பிரதி எடுத்து, சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். முடிந்தால் இதை மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பு அச்சகத்திலேயே செய்துவிடுங்கள், அப்படியே கட்டுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.